தூய கறுப்பும் தூய வெள்ளையும் வேண்டாம்: பிபிஆர் டெக்ஸ்சருக்கு அல்பீடோ வைப்பது எப்படி

நண்பகல் வெயிலில் கிடக்கும் புதுத் தார்ச்சாலை, வீட்டுக்குள் விளக்கொளியில் நிற்கும் வெள்ளைச் சுவர். இரண்டையும் ஒளிமானியால் அளந்தால் எது அதிக வெளிச்சம் காட்டும்? தார்ச்சாலைதான், அதுவும் பல மடங்கு. வெயில் சுமார் 100,000 லக்ஸ். தார் அதில் 4 சதவீதத்தைத் திருப்பி அனுப்பினாலும் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 1,270 கேண்டெலா வருகிறது. வீட்டுக்குள் 300 லக்ஸ் இருந்து, சுவர் அதில் 80 சதவீதத்தைத் திருப்பினால் வருவது 76 கேண்டெலாதான். சுவரைவிடத் தார் 16 மடங்குக்கும் மேல் பிரகாசம்.

ஒளியின் இயற்பியலைப் பின்பற்றும் பிபிஆர் முறையில் 3டி வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் முதலில் மனதில் வாங்கிக்கொள்ள வேண்டியது இதைத்தான். ஒரு பொருள் திரையில் எவ்வளவு கறுப்பாக, எவ்வளவு வெளுப்பாகத் தெரிகிறது என்பதில் பெரும்பங்கு அதன்மேல் விழும் ஒளிக்கும் கேமராவின் எக்ஸ்போஷருக்கும் உரியது. டெக்ஸ்சரில் நாம் எழுதுவது அல்பீடோவை மட்டும், அதாவது விழுந்த ஒளியில் எத்தனை பங்கு பரவலாகத் திரும்புகிறது என்ற எண்ணை. 0 என்றால் எதுவும் திரும்பவில்லை, 1 என்றால் முழுவதும் திரும்புகிறது. அன்றாடப் பொருள் எதுவும் இந்த இரண்டு முனைகளையும் தொடுவதில்லை. தொடுகிற மாதிரி டெக்ஸ்சர் வரைந்தால் ரெண்டரில் என்ன கெடுகிறது, எப்படிச் சரிசெய்வது என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம். எடுத்துக்காட்டுகளுக்கு பிளெண்டரையும் அதன் சைக்கிள்ஸ் ரெண்டரரையும் எடுத்துக்கொள்கிறேன். கணக்கு எல்லா இடத்திலும் ஒன்றுதான்.

முதல் படி: எந்த அளவையில் எண் சொல்கிறோம்?

பாதிக் குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. ஒரு பிஎன்ஜி கோப்பில் நாம் பார்க்கும் 0 முதல் 255 வரையிலான எண்கள் sRGB அளவையில் உள்ளவை. கண்ணுக்குச் சீராகத் தெரிவதற்காக வளைக்கப்பட்ட எண்கள் அவை. ரெண்டரர் ஒளியைக் கூட்டிப் பெருக்குவதோ ஒளியின் அளவுக்கு நேர் விகிதத்தில் இருக்கும் லீனியர் அளவையில். நடுவில் இருக்கிற 128ஐ லீனியருக்கு மாற்றினால் 0.5 வராது, 0.216தான் வரும். புகைப்படக்காரர்கள் 18 சதவீதச் சாம்பல் என்று சொல்லும் அட்டை sRGB அளவையில் 118 ஆகத் தெரியும்.

அதனால் யாராவது "சுவருக்கு 0.8 வை" என்றால் எந்த 0.8 என்று கேளுங்கள். லீனியர் 0.8 என்பது sRGB 231. sRGB 0.8 என்பது 204, லீனியரில் அது 0.6. அளந்தெடுத்த அல்பீடோ எண்கள் எல்லாமே லீனியர். பிளெண்டர் 4 வரிசையில் கலர் பிக்கரின் RGB பெட்டிகளில் தட்டுவது லீனியராகவும், Hex பெட்டியில் தட்டுவது sRGB ஆகவும் எடுத்துக்கொள்ளப்படும். இமேஜ் டெக்ஸ்சராக வந்தால், அல்பீடோவைச் சுமக்கும் Base Color கோப்பின் Color Space பெட்டியில் sRGB இருக்க வேண்டும். தவறுதலாக Non-Color என்று இருந்தால் எல்லாமே வெளுத்துப்போகும், நீங்கள் டெக்ஸ்சரைக் குறைசொல்லிக்கொண்டிருப்பீர்கள்.

இரண்டாம் படி: இரண்டு எல்லைகள்

புகைப்படத் துறையில் கலர்செக்கர் என்றொரு அட்டை 1976 முதல் புழக்கத்தில் இருக்கிறது. அதில் 24 கட்டங்கள். அவற்றில் வெள்ளைக் கட்டம் ஒளியில் சுமார் 90 சதவீதத்தைத் திருப்பும், கறுப்புக் கட்டம் சுமார் 3 சதவீதத்தை. sRGB எண்ணில் சொன்னால் ஒன்று 243, மற்றது 52. உலோகம் அல்லாத பொருட்களுக்கு 50 முதல் 240 வரை என்று கேம் எஞ்சின் வழிகாட்டிகள் சொல்லும் வரம்பு ஏறக்குறைய இந்த அட்டையின் இரு முனைகளோடு ஒத்துப்போகிறது. கொஞ்சம் தளர்த்தினால் கீழே 30 வரை போகலாம்.

இதற்குள்தான் நமக்குத் தெரிந்த பொருட்கள் அத்தனையும் அடங்குகின்றன. கரி, புதுத் தார் 0.02 முதல் 0.04. தேய்ந்த தார்ச்சாலை 0.1 பக்கம். பாலைவன மணல் 0.36 முதல் 0.40. புதுக் கான்கிரீட் 0.5க்குச் சற்று மேல். புதிதாக விழுந்த பனி 0.8 முதல் 0.9. கறுப்பு என்று நாம் சொல்லும் கரிக்கும் வெள்ளை என்று சொல்லும் பனிக்கும் நடுவே உள்ள வித்தியாசம் சுமார் 40 மடங்குதான். ஒளியின் பக்கம் பாருங்கள்: வெயிலுக்கும் விளக்கு எரியும் அறைக்குமே 300 மடங்குக்கு மேல் வந்துவிடுகிறது.

இந்த எண்களைத் தேடும்போது இரண்டு இடங்களில் கால் இடறும். ஒன்று, ஒரே பொருளுக்கு இரண்டு எண்கள் கிடைக்கும். பருவநிலை சார்ந்த பட்டியல்களில் வெறும் மண் 0.17, மணல் 0.40, கான்கிரீட் 0.55 என்று இருக்கும். கேம் எஞ்சின் பட்டியலில் அதே பொருட்கள் 0.13, 0.36, 0.51. மூன்றிலும் வித்தியாசம் சரியாக 0.04. உலோகம் அல்லாத பொருளின் மேற்பரப்பில் நேராக விழும் ஒளியில் சுமார் 4 சதவீதம் உள்ளே நுழையாமலேயே பளபளப்பாகத் திரும்பிவிடும். இதுதான் ஸ்பெகுலர். ஒளிவிலகல் எண் 1.5 என்று வைத்துக் கணக்குப் போட்டால் இந்த 0.04 வந்து நிற்கும். வெளியே அளக்கும் அல்பீடோவில் அதுவும் சேர்ந்திருக்கிறது. Base Color பெட்டியில் பரவலாகத் திரும்பும் டிஃப்யூஸ் பங்கு மட்டும் போனால் போதும், ஸ்பெகுலரை ஷேடர் தானாகவே சேர்த்துக்கொள்ளும். ஆகவே வெளியே அளந்த எண்ணை எடுத்தால் 0.04ஐக் கழித்துப் போடுங்கள். வெளிர்ப் பொருட்களில் இது கண்ணுக்குத் தெரியாது. கரி, தார் போன்றவற்றில் எண்ணின் பெரும்பகுதியே இதுதான், ஆகவே அங்கே கழிக்கும்போது மேலே சொன்ன 0.02க்குக் கீழே இறங்காதீர்கள்.

இன்னொன்று புல்லும் இலையும். பட்டியல்களில் பச்சைப் புல்லுக்கு 0.25 என்று போட்டிருக்கும். அது சூரிய ஒளி முழுவதுக்குமான கணக்கு, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பும் அதில் சேர்த்தி. இலைகள் அருகு அகச்சிவப்பில் பாதியளவு ஒளியைத் திருப்பி அனுப்புகின்றன. கண்ணுக்குத் தெரியும் ஒளியிலோ பெரும்பகுதியை ஒளிச்சேர்க்கைக்காக விழுங்கிவிடுகின்றன, திரும்புவது 5 முதல் 15 சதவீதம்தான். 0.25ஐ அப்படியே போட்ட புல்வெளி பிளாஸ்டிக் விரிப்பு மாதிரி வெளிறித் தெரிவதற்கு இதுதான் காரணம். புல்லுக்கு 0.1 பக்கத்தில் தொடங்குவது நல்லது.

மூன்றாம் படி: வெள்ளைச் சுவரை இறக்குவது

வெள்ளையில் என்ன கெடுகிறது? ஒரு சுவரில் பட்ட ஒளி அடுத்த சுவருக்குப் போகிறது, அங்கிருந்து இன்னொன்றுக்கு. ஒவ்வொரு துள்ளலிலும் அல்பீடோவால் பெருக்கப்படுகிறது. மூடிய அறையின் சராசரி அல்பீடோ ρ என்றால், எல்லாத் துள்ளல்களையும் சேர்த்து அறையின் ஒளி தோராயமாக இத்தனை மடங்காகும்:

```
1 + ρ + ρ² + ρ³ + ... = 1 / (1 - ρ)
```

ρ = 0.5 என்றால் 2 மடங்கு. 0.8 என்றால் 5. 0.95 என்றால் 20. சரியாக 1 என்றால் முடிவே இல்லை, ஒளி அறைக்குள் சுற்றிக்கொண்டே இருக்கும்.

ஒரு உண்மையான அமைப்பை வைத்துப் பார்ப்போம். 3 மீட்டர் கனசதுர அறை. நான்கு சுவர்களும் கூரையும் வெள்ளை, தரை மட்டும் 0.2 அல்பீடோ உள்ள சிவப்புத் தரை. வெள்ளைக்கு 0.8 வைத்தால் ஆறு முகங்களின் சராசரி 0.7, ஒளி 3.3 மடங்காகிறது. அதே வெள்ளையை 1.0 ஆக்கினால் சராசரி 0.867, ஒளி 7.5 மடங்கு. டெக்ஸ்சரில் நீங்கள் செய்தது 231ஐ 255 ஆக்கியது மட்டும்தான். திரையில் இரண்டையும் பக்கத்தில் வைத்தால்கூடப் பெரிதாகத் தோன்றாது. ஆனால் அறையின் ஒளி இரண்டு மடங்குக்கு மேல் ஏறிவிட்டது. அப்படி ஏறியது முழுக்கத் துள்ளிவந்த ஒளி, எல்லாப் பக்கமிருந்தும் வருவது. ஆகவே மூலைகளில் நிழல் கரைந்துவிடும், நாற்காலிக்கு அடியில் இருக்க வேண்டிய இருட்டு மறைந்து, நாற்காலி தரையில் நிற்காமல் மிதப்பது போல இருக்கும். இதைப் பார்த்து விளக்கைக் குறைத்தால் நிழல் திரும்ப வராது. ஒளியும் நிழலும் ஒரே விகிதத்தில் சேர்ந்து குறையும், அவ்வளவுதான்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு எளிய சோதனை உண்டு. சைக்கிள்ஸில் Light Paths பகுதிக்குப் போனால் Max Bounces கீழே Diffuse 4 என்று இருக்கும். அதை 16 ஆக்குங்கள். Total 12 ஆக இருக்கும், அதையும் 16க்கு ஏற்ற வேண்டும். மேலே சொன்ன 0.8 அறையில் வெளிச்சம் சுமார் 20 சதவீதம் ஏறும், அதற்குமேல் எவ்வளவு கூட்டினாலும் அசையாது. 1.0 அறையிலோ கிட்டத்தட்ட 80 சதவீதம் ஏறும், 32 ஆக்கினால் இன்னும் ஏறும். துள்ளல் எண்ணிக்கையைக் கூட்டக் கூட அறை வெளுத்துக்கொண்டே போனால் எங்கோ அல்பீடோ அளவுக்கு மீறி இருக்கிறது என்று அர்த்தம். லைட்மேப் பேக் செய்கிறவர்களுக்கும் இதே அறிகுறிதான்.

இன்னொரு கேடு ஸ்பெகுலரோடு சேர்ந்து வருகிறது. சில ரியல்டைம் ஷேடர்கள் டிஃப்யூஸையும் ஸ்பெகுலரையும் வெறுமனே கூட்டிவிடும். டிஃப்யூஸே 1.0 என்றால் அதன்மேல் 0.04 ஏறி, விழுந்த ஒளியைவிடத் திரும்பும் ஒளி அதிகமாகிவிடும். சோதிப்பது சுலபம். காட்சியில் மற்ற விளக்குகளை எல்லாம் அணைத்து, சுற்றுச்சூழலைச் சீரான வெள்ளையாக, வலிமை 1 ஆக வையுங்கள். நடுவில் ஒரு கோளம். அந்தக் கோளத்தின் எந்தப் புள்ளியும் பின்னணியைவிட வெளிச்சமாக இருக்கக் கூடாது. இருந்தால் அந்தப் பொருள் தானே ஒளியை உண்டாக்குகிறது.

சரி, எவ்வளவு வைக்கலாம்? சுண்ணாம்போ எமல்ஷனோ அடித்த வெள்ளைச் சுவருக்கு நான் 0.75 முதல் 0.8 வரை வைப்பேன். நாளான சுவர் என்றால் 0.65. காகிதம் 0.8 பக்கம். 0.9க்கு மேல் போவதற்குப் புதுப்பனி மாதிரி ஏதாவது காரணம் இருக்க வேண்டும்.

இந்த இடத்தில் நிறங்களையும் கவனியுங்கள். வரம்பு ஒட்டுமொத்த வெளிச்சத்துக்கு மட்டும் என்று நினைத்து, சிவப்புச் சுவருக்கு (255, 0, 0) கொடுப்பவர்கள் உண்டு. அந்தச் சுவர் சிவப்புச் சேனலில் 1.0, மற்ற இரண்டிலும் 0. ஒரே சுவரில் இரண்டு கேடும் சேர்ந்து வந்துவிடும். துள்ளும் ஒளியில் பச்சையும் நீலமும் அங்கேயே செத்துப்போய், சிவப்பு மட்டும் முழுசாகத் தப்பி, அறை முழுக்கச் சிவப்பு அப்பும். அடர் சிவப்புப் பெயின்டுக்கு (170, 40, 35) மாதிரி ஒன்றில் தொடங்கிப் பாருங்கள், அதுவே போதுமான சிவப்பு.

நான்காம் படி: கறுப்பு டயரை ஏற்றுவது

கறுப்பின் கேடு வேறு வகை. பூஜ்யத்தை எதனால் பெருக்கினாலும் பூஜ்யம். ஒரு டயர் டெக்ஸ்சரின் பெரும்பகுதி sRGB 5 பக்கத்தில் இருக்கிறது என்று வையுங்கள். லீனியரில் அது 0.0015. உண்மையான ரப்பர் 0.035 பக்கம் இருக்கும், sRGBயில் 53. நம் டயர் இருக்க வேண்டியதைவிட 23 மடங்கு இருட்டு.

இதனால் என்ன ஆகிறது? டிஃப்யூஸ் ஏறக்குறைய இல்லாமல் போய், 0.04 ஸ்பெகுலர் மட்டும் மிஞ்சுகிறது. டயரில் நாம் பார்ப்பதெல்லாம் பிரதிபலிப்பு என்றாகிவிடுகிறது. சரிந்த கோணத்தில் ஸ்பெகுலர் ஏறும் என்பதால் விளிம்புகள் மட்டும் மினுங்கி, நடுப்பகுதி ஓட்டை போல இருக்கும். நார்மல் மேப்பில் உழைத்துச் செய்த வரிப்பள்ளங்கள் நிழலில் நின்றால் காணாமல் போகும். நிழலில் வடிவத்தைக் காட்டுவது பெரும்பாலும் பரவலான ஒளிதான், அதைத் திருப்பி அனுப்ப இங்கே அல்பீடோ இல்லை. உடனே டயருக்கென்று ஒரு விளக்கு வைக்கத் தோன்றும். விளக்கைப் பத்து மடங்காக்கினாலும் 23 மடங்குக் குறை தீராது, பக்கத்தில் இருக்கும் வண்டியின் பெயின்ட்தான் வெந்துபோகும்.

அறிகுறி பார்க்க, வண்டியை வெட்ட வெயிலில் நிறுத்தி எக்ஸ்போஷரை 2 ஸ்டாப், அதாவது நான்கு மடங்கு, கூட்டுங்கள். ஒழுங்கான டயர் சாம்பல் நிறத்தில் எழுந்து பள்ளங்களைக் காட்டும். பொய்யான டயர் கறுப்பாகவே உட்கார்ந்திருக்கும்.

சரிசெய்யும்போது ஓர் எச்சரிக்கை. Levels எடுத்து மொத்தமாகத் தூக்கிவிடலாம் என்று தோன்றும். 8 பிட் கோப்பில் 3 முதல் 8 வரை இருப்பது ஆறே படிநிலைகள். அவற்றை 23 மடங்கு இழுத்தால் பட்டை பட்டையாகப் பிரியும். மூலக் கோப்பு 16 பிட்டில் இருந்தால் லீனியரில் பெருக்குங்கள். இல்லையென்றால் அந்த லேயரைத் தூக்கிப்போட்டுவிட்டு, 53ஐ அடிநிறமாக ஊற்றி, தூசி படிந்த இடங்களில் 75 முதல் 90 வரை ஏற்றி, புதிதாகத் தீட்டுவதே நேரத்தை மிச்சப்படுத்தும். ஓடிய டயரில் தூசியும் மண்ணும் நிறையவே ஒட்டியிருக்கும், அதைத் தீட்டத் தயங்காதீர்கள்.

பள்ளங்களுக்குள் கறுப்பு அடிக்கும் பழக்கத்தையும் விட வேண்டும். பள்ளத்துக்குள் இருப்பதும் அதே ரப்பர், அதே 0.035. அங்கே இருட்டாகத் தெரிவது ஒளி நுழையாததால், அந்தக் கணக்கை ரெண்டரரோ ஆம்பியன்ட் அக்லூஷன் மேப்போ பார்த்துக்கொள்ளும். Base Colorஇலும் கறுப்பு அடித்தால் ஒரே நிழல் இரண்டு முறை விழும். புகைப்படத்திலிருந்து எடுத்த டெக்ஸ்சர்களில் இந்த நிழல் ஏற்கெனவே ஒட்டிக்கொண்டு வரும். அதனால்தான் மேகமூட்டமான நாளில், பக்கத்தில் கலர்செக்கர் வைத்துப் படமெடுக்கச் சொல்கிறார்கள்.

ஐந்தாம் படி: கோப்பையே கேட்டுப் பார்ப்பது

கண்ணால் பார்த்து முடிவு செய்யாதீர்கள், மானிட்டரும் அறை வெளிச்சமும் ஏமாற்றும். இந்தச் சிறு பைத்தான் நிரல் போதும்:

```python
import numpy as np
from PIL import Image

s = np.asarray(Image.open("tyre_basecolor.png").convert("RGB")) / 255.0
lin = np.where(s <= 0.04045, s / 12.92, ((s + 0.055) / 1.055) ** 2.4)
Y = lin @ np.array([0.2126, 0.7152, 0.0722])
print(np.percentile(Y, [1, 50, 99]))
print((Y < 0.02).mean(), (Y > 0.90).mean())
```

முதல் வரியில் வருகிற மூன்று எண்களில் நடு எண்ணைத்தான் நான் முதலில் பார்ப்பேன். அது அந்தப் பொருளின் அல்பீடோவுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். டயருக்கு 0.035, மணலுக்கு 0.36 என்ற மாதிரி. இரண்டாம் வரி, வரம்புக்கு வெளியே எத்தனை பங்கு பிக்சல்கள் கிடக்கின்றன என்று சொல்லும். ஒரு சதவீதத்துக்கும் குறைவாக இருந்தால் விட்டுவிடலாம், கீறலோ புள்ளியோ ஆக இருக்கும். நடு எண்ணே தப்பு என்றால் முனைகளை மட்டும் வெட்டிச் சரிசெய்யக் கூடாது, மொத்தப் படத்தையும் லீனியரில் ஒரே எண்ணால் பெருக்க வேண்டும். எல்லா டெக்ஸ்சரையும் கண்ணை மூடிக்கொண்டு 50-240க்குள் அமுக்குகிறவர்களைப் பார்க்கிறேன். அப்படிச் செய்தால் மரம், செங்கல் எல்லாம் தேவையே இல்லாமல் சாம்பல் பூத்துப்போகும். அவை ஏற்கெனவே சரியான இடத்தில்தான் இருந்தன.

உலோகங்களை இந்த நிரலில் போடாதீர்கள். Metallic 1 என்று வைத்த இடத்தில் டிஃப்யூஸே கிடையாது, Base Color அங்கே ஸ்பெகுலரின் அளவாக மாறிவிடுகிறது. அங்கே எண்கள் பெரிதாகத்தான் இருக்கும்: இரும்பு 0.56, வெள்ளி 0.97 பக்கம், தங்கத்தின் சிவப்புச் சேனல் 1.0 வரை போகும். sRGBயில் 180க்குக் கீழே போன உலோகம் சந்தேகத்துக்குரியது. பெரும்பாலும் அது துருவாகவோ பெயின்டாகவோ அழுக்காகவோ இருக்கும், அந்த இடத்தில் Metallic 0 ஆக இருக்க வேண்டும்.

ஆறாம் படி: அப்புறம்தான் விளக்கு

அல்பீடோவைச் சரிசெய்த உடனே காட்சி மங்கலாகத் தெரியும். 1.0 சுவரை 0.8 ஆக்கிய நம் அறை பாதிக்கும் கீழாக இருண்டிருக்கும். இங்கே மனம் தளர்ந்து சுவரைத் திரும்ப வெளுக்காதீர்கள். பழைய விளக்குகள் தப்பான சுவருக்காக வைக்கப்பட்டவை. Exposureஐ 1.2 ஸ்டாப் போலக் கூட்டுங்கள், சுவர் வெள்ளையாகத் தெரியும், மூலை நிழல்களும் தங்கும். பிளெண்டர் 4.0 முதல் இயல்பாக வரும் AgX என்ற View Transform, வெளிச்சமான இடங்களை மெதுவாக மடக்கும். அதனால் 0.8 சுவர் முதலில் சாம்பலாகத் தோன்றுவது சகஜம். அதைத் தீர்ப்பதும் எக்ஸ்போஷர்தான்.

விதிவிலக்குகள் உண்டு, அவற்றையும் அளந்த எண்ணோடுதான் எடுக்க வேண்டும். நல்ல கறுப்பு வெல்வெட் 0.01க்கும் கீழே போகும். 2014இல் அறிமுகமான வாண்டாபிளாக் என்ற நானோகுழாய்ப் பூச்சு 0.035 சதவீத ஒளியைத்தான் திருப்புகிறது, அதற்கு ஸ்பெகுலரையும் சேர்த்து அணைக்க வேண்டும். மறுமுனையில், ஆய்வகங்களில் அளவீட்டுக்கு வைக்கும் ஸ்பெக்ட்ரலான் 99 சதவீதத்தைத் திருப்பும். உங்கள் காட்சியில் இருப்பது இவற்றில் ஒன்று என்றால் வரம்பைத் தாண்டுங்கள். பள்ளிச் சீருடைச் சட்டையும் கறுப்புக் குடையும் என்றால் சட்டைக்கு 0.75, குடைத் துணிக்கு 0.03 என்று தொடங்கி, மேலே சொன்ன துள்ளல் சோதனையையும் 2 ஸ்டாப் சோதனையையும் ஒரு முறை ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.